ரூம் கேன்சல் பண்ணியாச்சு, பணம் வரல: ஏஜென்ட் ஹோட்டலைக் கைகாட்ட, ஹோட்டல் ஏஜென்ட்டைக் கைகாட்டினால் யாருக்குக் கடிதம் எழுதுவது?

ஆன்லைனில் ஹோட்டல் ரூம் புக் செய்து, கெடு முடியும் முன்பே கேன்சலும் செய்துவிட்டீர்கள். "ரீஃபண்ட் 7 வேலை நாட்களில் வரும்" என்று மெயிலும் வந்துவிட்டது. ஆனால் பணம் மட்டும் வரவில்லை. செயலியில் கேட்டால், "ஹோட்டல் தரப்புல அப்ரூவல் வரல சார்" என்கிறார்கள். ஹோட்டலுக்குப் போன் போட்டால், "எங்களுக்கு பேமென்ட்டே வரல சார், நீங்க புக் பண்ண இடத்துலதான் கேக்கணும்" என்கிறார்கள்.

இந்தப் பந்தாட்டத்தில் பலரும் ஒரு மாதம் அலைந்துவிட்டு, 'போனால் போகட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கேன்சல் செய்த அந்த நிமிடத்தில் உங்கள் பணம் யார் கையில் இருந்தது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கடிதம் யாருக்குப் போக வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம்.

மதுரை குடும்பம், கொடைக்கானல் ரூம், 11,600 ரூபாய்

மதுரையில் இருக்கும் ஒரு குடும்பம் மே 15 முதல் 2 இரவுகளுக்கு கொடைக்கானலில் ரூம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். புக் செய்தது ஒரு பயண தளத்தின் செயலியில். டெபிட் கார்டில் கட்டிய தொகை 11,600 ரூபாய். இதில் ரூம் வாடகையும் வரியும் 11,150. மீதி 450 கன்வீனியன்ஸ் ஃபீ.

வவுச்சரில், 'மே 13 பகல் 12 மணி வரை இலவச ரத்து' என்று இருக்கிறது. வீட்டில் பெரியவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் மே 11 இரவு 9:20-க்கு செயலியிலேயே ரத்து செய்கிறார்கள். உடனே ஒரு மெயில் வருகிறது. 'உங்கள் புக்கிங் ரத்து செய்யப்பட்டது. ரீஃபண்ட் தொகை 11,150 ரூபாய். 7 வேலை நாட்களில் வரவு வைக்கப்படும்.'

மே 24 ஆகியும் பணம் வரவில்லை. செயலியின் சாட்டில் கேட்டால் ஹோட்டலைக் கைகாட்டுகிறார்கள். ஹோட்டலில் கேட்டால் செயலியைக் கைகாட்டுகிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெடு முடிவதற்கு ஒன்றரை நாளுக்கு மேல் இருக்கும்போதே ரத்து நடந்துவிட்டது. ஏஜென்ட்டின் சிஸ்டமே தொகையைக் கணக்கிட்டு எழுத்தில் கொடுத்துவிட்டது. அதனால் இது 'கருணை காட்டுங்கள்' என்று கேட்கும் கேஸ் இல்லை. கெடு தாண்டி ரத்து செய்ததோ, 'ரீஃபண்ட் கிடையாது' என்று போட்ட மலிவு ரேட்டில் எடுத்ததோ, கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுக்க மறந்து கடைசி நேரத்தில் ரத்து செய்ததோ என்றால் கதை வேறு. அங்கே ஹோட்டல் மனம் வைத்து கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால்தான் உண்டு.

பணம் எந்த வழியாகப் போகிறது?

பயண தளங்களில் ரூம் போடுவதில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, 'ஹோட்டலில் பணம் கட்டலாம்' என்பது. இதில் தளம் வெறுமனே புக்கிங்கை அனுப்பிவைக்கும். பணத்தை ஹோட்டல் நேரடியாக வாங்கிக்கொண்டு, பிறகு தளத்துக்குக் கமிஷன் கொடுக்கும். முன்பணமாக உங்கள் கார்டில் ஹோட்டலே பிடித்திருந்தால், திருப்பித் தர வேண்டியதும் ஹோட்டல்தான்.

இரண்டாவது, 'இப்போதே பணம் கட்டுங்கள்' என்பது. நம் ஊரில் பெரும்பாலானோர் தள்ளுபடி கூப்பனுக்காக இதைத்தான் அழுத்துகிறார்கள். இதில் முழுப் பணமும் முதலில் ஏஜென்ட்டின் கணக்குக்குப் போகிறது. ஏஜென்ட் தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை ஹோட்டலுக்குப் பிறகு அனுப்புகிறார். அந்தப் 'பிறகு' என்பது பல ஒப்பந்தங்களில் விருந்தினர் செக்-இன் செய்த பிறகோ, செக்-அவுட் ஆன பிறகோதான். சில இடங்களில் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக செட்டில் செய்வார்கள்.

நம் உதாரணத்தில் செக்-இன் மே 15. ரத்து மே 11. அப்படியென்றால் அந்த 11,150 ரூபாய் பெரும்பாலும் கொடைக்கானல் பக்கமே போயிருக்காது. ரிசப்ஷனில் இருப்பவர் "பணம் வரல" என்று சொல்வது தட்டிக்கழிப்பு போலத் தெரியும், ஆனால் அது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் ஏன் ஏஜென்ட் 'ஹோட்டல் அப்ரூவல் வரல' என்கிறார்? அதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு தளமும் ஹோட்டலுக்கு ஒரு லாகின் கொடுத்திருக்கும். 'எக்ஸ்ட்ராநெட்' என்பார்கள். ரத்து ஆனதும் அதில் ஒரு பதிவு விழும். கட்டணம் பிடிப்பதா வேண்டாமா என்று ஹோட்டல் அதில் குறிக்கலாம். சீசன் நேரத்தில் சின்ன ஹோட்டல்களில் அதைத் திறந்து பார்க்கவே ஆள் இருக்காது. இன்னொன்றும் நடக்கும். ஏஜென்ட்டின் கால் சென்டரில் இருந்து ஹோட்டலுக்குப் போன் செய்து, "கேன்சலேஷன் சார்ஜ் தள்ளுபடி பண்றீங்களா?" என்று கேட்பார்கள். போனை எடுத்தவர் விவரம் தெரியாமல், "மேனேஜர் இல்லைங்க, முடியாதுங்க" என்பார். அது 'ஹோட்டல் மறுத்துவிட்டது' என்று பதிவாகிவிடும்.

இலவச ரத்துக் கெடுவுக்குள் ரத்து செய்தவருக்கு அந்த அப்ரூவலே தேவையில்லை. தள்ளுபடி செய்ய அங்கே கட்டணம் என்று ஒன்று இருந்தால்தானே! ஏஜென்ட்டின் பதிலில் இருக்கும் ஓட்டை இதுதான்.

மூன்றாவது ஆள் ஒருவரும் நடுவில் இருக்கலாம். சில தளங்கள் ரூமை ஹோட்டலிடம் நேரடியாக எடுக்காமல், மொத்தமாக ரூம் வாங்கி விற்கும் இன்னொரு நிறுவனத்திடம் இருந்து எடுக்கும். அப்போது ஹோட்டலில் போய் உங்கள் தளத்தின் பெயரைச் சொன்னால், "அப்படி ஒரு புக்கிங்கே இல்லையே" என்பார்கள். அதைக் கேட்டுப் பதற வேண்டாம். அந்த மொத்த வியாபாரியைத் தேடிப் போவது உங்கள் வேலையும் இல்லை. நீங்கள் பணம் கட்டியது யாருக்கோ, அவர்தான் அவரோடு பேசிக்கொள்ள வேண்டும்.

முதலில் ஹோட்டலிடம் மூன்று கேள்வி

ஏஜென்ட்டுக்குக் கடிதம் எழுதும் முன் ஹோட்டலிடம் இருந்து எழுத்தில் ஒரு பதில் வாங்கிவிடுங்கள். கடிதத்துக்குப் பாதி பலம் அதில்தான் இருக்கிறது.

"லெட்டர் கொடுங்க" என்று கேட்டால் ஹோட்டல்காரர்கள் தயங்குவார்கள். தளத்தோடு பகைத்துக்கொண்டால் தேடலில் தங்கள் ஹோட்டல் கீழே போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. அதனால் ஹோட்டலின் அதிகாரபூர்வ மெயிலுக்கு, ரிசர்வேஷன் மேனேஜர் பெயரில், பதில் சொல்ல எளிதான மூன்று கேள்விகளை மட்டும் அனுப்புங்கள். இந்த புக்கிங் எண் மே 11 அன்று ரத்தானதாக உங்கள் பதிவில் இருக்கிறதா? இதற்கு ரத்துக் கட்டணம் ஏதும் பிடித்தீர்களா? இந்த புக்கிங்குக்காக தளத்திடம் இருந்து உங்களுக்குப் பணம் வந்ததா?

'ஆம், இல்லை, இல்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தாலும் போதும். ரிசப்ஷனில் இருப்பவர் தன் சொந்த நம்பரில் இருந்து அனுப்பும் வாட்ஸ்அப்பைவிட, ஹோட்டல் மெயிலில் இருந்து வரும் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

மூன்றாவது கேள்விக்கு 'ஆம், பணம் வந்தது' என்று பதில் வந்தால்? அப்போது ஹோட்டலுக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். ஆனால் ஏஜென்ட் தப்பிவிட முடியாது. 11,150 தருகிறேன் என்று மெயில் அனுப்பியது அவர்தான்.

பதிலே வராவிட்டால், நீங்கள் மெயில் அனுப்பியதும் பதில் வராததும் சேர்த்தே ஆதாரம். ஐந்து நாள் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

'நாங்க இடைத்தரகர் மட்டும்தான்': இந்த வாதம் நிற்குமா?

எல்லாத் தளங்களின் விதிமுறைப் பக்கத்திலும் இந்த வரி ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். இதற்குச் சட்டத்தில் ஓரளவு ஆதாரமும் இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 230-வது பிரிவின்படி, இன்னொருவருக்காக ஒப்பந்தம் போட்ட ஏஜென்ட் பொதுவாக அந்த ஒப்பந்தத்துக்குத் தானே கட்டுப்பட மாட்டார். ரூமில் சுடுதண்ணி வரவில்லை, படுக்கையில் மூட்டைப்பூச்சி என்றால் இந்த வாதம் ஓரளவு எடுபடலாம்.

ஆனால் நாம் இங்கே கேட்பது ரூமைப் பற்றி இல்லை. ஏஜென்ட் தன் கையால் வாங்கிய பணத்தை, தானே எழுதிக்கொடுத்தபடி திருப்பித் தரச் சொல்கிறோம். கடிதத்தில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இதற்குத் துணையாக இருப்பது நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள், 2020. இவை பொருள் விற்கும் தளங்களுக்கு மட்டுமல்ல, சேவை விற்கும் தளங்களுக்கும் பொருந்தும். இதன் 4-வது விதியில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, ஏற்றுக்கொள்ளப்பட்ட ரீஃபண்ட் கோரிக்கைக்கு நியாயமான காலத்துக்குள் தளம் பணம் தர வேண்டும். இங்கே 'ஏற்றுக்கொள்ளப்பட்ட' என்ற சொல்தான் முக்கியம். 11,150 ரூபாய் வரும் என்று மெயில் வந்த நிமிடமே உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் பேசுபவர் இந்த அலுவலர் இல்லை. அங்கே நீங்கள் பத்து முறை புலம்பினாலும், குறைதீர் அலுவலருக்கு எழுதும் வரை இந்த ஒரு மாதக் கணக்கு ஓடுகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. தளத்தின் அடிப்பகுதியில் Grievance என்ற சிறிய இணைப்பில் அவருடைய விவரம் இருக்கும்.

பயண தளங்கள் மேல் அரசு நடவடிக்கை எடுத்த முன்னுதாரணமும் உண்டு. கொரோனா ஊரடங்கில் ரத்தான விமான டிக்கெட்டுகளுக்குப் பணம் திருப்பித் தராததற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் யாத்ரா நிறுவனத்துக்கு உத்தரவு போட்டது. சுமார் இரண்டரை கோடி ரூபாய் பாக்கியைப் பயணிகளுக்குத் தரச் சொன்னது. அது விமான டிக்கெட், நம்முடையது ஹோட்டல். ரெண்டும் ஒன்றல்ல. ஆனாலும் பயணியிடம் பணம் வாங்கிய தளத்திடமே கேட்கலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

கோபத்தைக் கொட்டும் கடிதங்கள்தான் அதிகம். 'மோசடிப் பேர்வழிகள்' என்று ஆரம்பித்தால் படிப்பவர் அதற்குத்தான் பதில் எழுதுவார், பணத்துக்கு இல்லை. ஒரு பக்கம் போதும். கேட்கும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். 450 ரூபாய் கன்வீனியன்ஸ் ஃபீயைச் சேர்த்துக் கேட்கத் தோன்றும். ஆனால் அது திரும்ப வராது என்று புக் செய்யும்போதே சொல்லியிருந்தால் விட்டுவிடுவதே நல்லது. அதைச் சேர்த்தால் 450-ஐப் பற்றி மட்டும் விளக்கம் எழுதிவிட்டு, 11,150-ஐப் பேசாமல் விட்டுவிடுவார்கள்.

நம் உதாரணக் குடும்பம் இப்படி எழுதலாம்:

*பெறுநர்: குறைதீர் அலுவலர், (தளத்தை நடத்தும் நிறுவனத்தின் முழுப்பெயர், பதிவு அலுவலக முகவரி)*

*நகல்: ரிசர்வேஷன் மேனேஜர், (ஹோட்டல் பெயர்), கொடைக்கானல்*

*நாள்: மே 30*

*பொருள்: புக்கிங் எண் ……, ரூ.11,150 ரீஃபண்ட் தராதது தொடர்பாக*

*ஐயா / அம்மையீர்,*

*மேற்கண்ட புக்கிங்குக்காக ரூ.11,600-ஐ எனது டெபிட் கார்டு மூலம் உங்கள் நிறுவனத்துக்குச் செலுத்தினேன். வங்கி அறிக்கையில் பணம் பெற்றவராக உங்கள் பெயரே உள்ளது. மே 13 பகல் 12 மணி வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்று நீங்கள் அளித்த வவுச்சர் கூறுகிறது. மே 11 இரவு 9:20 மணிக்கு உங்கள் செயலியில் ரத்து செய்தேன். அன்றே ரூ.11,150 திருப்பித் தரப்படும் என்று மெயில் மூலம் உறுதி செய்தீர்கள்.*

*இதுவரை பணம் வரவில்லை. ஹோட்டலின் ஒப்புதல் வரவில்லை என்று மே 24 அன்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் கூறினர். இந்த புக்கிங்குக்கு ரத்துக் கட்டணம் எதுவும் பிடிக்கவில்லை என்றும், உங்களிடமிருந்து பணம் எதுவும் வரவில்லை என்றும் மே 28 அன்று ஹோட்டல் எழுத்துமூலம் தெரிவித்துள்ளது. நகல் இணைத்துள்ளேன்.*

*பணத்தைப் பெற்றவர் நீங்கள். ரத்து விதியை எனக்கு வழங்கியவர் நீங்கள். ரீஃபண்ட் தொகையை உறுதி செய்தவரும் நீங்கள். எனவே இதைத் திருப்பித் தரும் பொறுப்பு உங்களுடையது என்று கருதுகிறேன். உங்களுக்கும் ஹோட்டலுக்கும் இடையிலான கணக்கு எனக்குத் தொடர்பில்லாதது. நான் கேட்பது தங்கும் சேவை பற்றியது அல்ல. நீங்கள் வைத்திருக்கும், தருவதாக ஒப்புக்கொண்ட பணம் பற்றியது.*

*இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் ரூ.11,150-ஐ நான் செலுத்திய அதே கார்டுக்குத் திருப்பித் தரவும். வாலெட் வரவாகவோ கூப்பனாகவோ பெற எனக்குச் சம்மதம் இல்லை. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதன் ARN எண்ணைத் தரவும். ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டதாகக் கூறினால், அனுப்பிய தேதியையும் பரிவர்த்தனை எண்ணையும் தரவும்.*

*தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் கீழ் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வட்டி, இழப்பீடு மற்றும் செலவுத் தொகையுடன் புகார் செய்வேன்.*

*இணைப்பு: வவுச்சர், ரத்து மெயில், வங்கி அறிக்கை, சாட் ஸ்கிரீன்ஷாட், ஹோட்டலின் பதில்.*

இதை மெயிலிலும் அனுப்புங்கள், ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள். பெரிய தளங்களின் அலுவலகங்கள் வெளிமாநிலங்களில் இருப்பதால் ஆங்கிலத்தில் எழுதினால் சீக்கிரம் படிப்பார்கள். விஷயம் இதேதான்.

'ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டதாகக் கூறினால்' என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பந்தாட்டம் நிற்பது அங்கேதான். அனுப்பியிருந்தால் பரிவர்த்தனை எண் இருக்கும். எண் தர முடியவில்லை என்றால், பணம் யார் கையில் இருக்கிறது என்பது சொல்லாமலே தெரிந்துவிடும்.

'ரீஃபண்ட் பண்ணிட்டோம் சார்' என்றால்?

கடிதம் போனதும் அடிக்கடி வரும் பதில் இது. செயலியிலும் 'ரீஃபண்ட் முடிந்தது' என்று பச்சை நிறத்தில் டிக் காட்டும். பேங்கில் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

கார்டுக்குப் பணம் உண்மையிலேயே அனுப்பப்பட்டிருந்தால் அதற்கு 23 இலக்க எண் ஒன்று உருவாகியிருக்கும். அதுதான் ARN. யுபிஐ என்றால் 12 இலக்க எண். அந்த எண்ணை உங்கள் பேங்கில் கொடுத்தால், பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் தேட முடியும். எண்ணே இல்லை என்றால், செயலியின் திரையில் மட்டும் நிலவரம் மாறியிருக்கிறது, பணம் கிளம்பவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சில சமயம் பணம் உங்கள் கணக்குக்கு வராமல் செயலியின் வாலெட்டுக்குப் போயிருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாடிக்கையாளர் வேறு வழிக்குச் சம்மதிக்காதவரை, பணம் வந்த வழியிலேயே ரீஃபண்டும் போக வேண்டும் என்பதுதான் பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி.

கார்டில் கட்டியவர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 'ரத்து செய்தேன், ஒப்புக்கொண்ட ரீஃபண்ட் வரவில்லை' என்று சொல்லி பேங்கில் சார்ஜ்பேக் கேட்கலாம். இதற்குக் கெடு உண்டு, பொதுவாக 120 நாள். நம் உதாரணத்தில் மே 11-ல் இருந்து எண்ணினால் செப்டம்பர் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். ஏஜென்ட் 'இன்னும் பத்து நாள், இன்னும் பத்து நாள்' என்று இழுப்பதில் பறிபோவது பெரும்பாலும் இந்தக் கெடுதான். எனவே கடிதத்தில் கொடுத்த 15 நாள் முடிந்த கையோடு பேங்குக்கும் எழுதிவிடுவது நல்லது. யுபிஐயில் கட்டியவர்களும் பேங்கில் புகார் பதியலாம், ஆனால் அங்கே இந்த வழி கொஞ்சம் குறுகலானது.

அடுத்து எங்கே போவது?

15 நாளில் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி மையம். எண் 1915. தமிழிலும் பேசலாம். consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். பெரிய பயண தளங்கள் பலவும் இந்த மையத்தோடு நேரடியாக இணைக்கப்பட்டிருப்பதால் புகார் உடனே அந்த நிறுவனத்துக்குப் போகும். 11,000 ரூபாய் போன்ற தொகைகள் பல நேரம் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் இந்த மையத்துக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. நிறுவனம் 'முடியாது' என்று பதில் போட்டுவிட்டால் புகார் அதோடு மூடப்படலாம்.

உத்தரவு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். ஏஜென்ட் அலுவலகம் ஹரியானாவில் இருந்தாலும், ஹோட்டல் திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. அதனால்தான் கடிதத்தில் மதுரை ஆணையத்தின் பெயரைப் போட்டோம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. e-jagriti.gov.in தளத்தில் வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சனை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

கடிதத்தில் ஏஜென்ட்டைப் பொறுப்பாக்கினாலும், ஆணையத்தில் ஹோட்டலையும் இரண்டாவது எதிர்தரப்பாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. ஏஜென்ட் மட்டும் எதிரில் நின்றால், "ஹோட்டலைச் சேர்க்காமல் எப்படி முடிவு செய்வது?" என்று வாதிடுவார். இருவரும் இருந்தால், பணம் எங்கே என்பதை ஆணையத்தின் முன்னால் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லியாக வேண்டும். ஏஜென்ட் ஹோட்டலுக்குப் பணத்தை அனுப்பிவிட்டதை ஆவணத்தோடு காட்டி விலகிக்கொண்ட வழக்குகளும் உண்டு, ஏஜென்ட்டே தர வேண்டும் என்று முடிந்த வழக்குகளும் உண்டு. ஹோட்டலின் அந்த ஒரு வரி மெயில் உங்கள் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதில் பெரிய பங்கு வகிக்கும்.

வட்டியையும் இழப்பீட்டையும் முடிவு செய்வது ஆணையத்தின் விருப்பம். 11,150 ரூபாய்க்கு 5 லட்சம் இழப்பீடு கேட்டு எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. சட்டத்தில் சொல்லியிருக்கும் காலத்துக்குள் எல்லா வழக்கும் முடிவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு நோட்டீஸ் போனதும் ஏஜென்ட் தரப்பில் இருந்து போன் வரக்கூடும். "சார், 11,150-ஐயும் வாலெட்ல போட்டுடறோம், கூடவே 1,000 ரூபாய் கூப்பன், கேஸை வாபஸ் வாங்கிடுங்க" என்பார்கள். வாலெட் பணத்தைச் செலவழிக்க அவர்களிடமே இன்னொரு ரூம் போட வேண்டும். அதற்குக் காலாவதி தேதியும் இருக்கலாம். கார்டுக்கே அனுப்பச் சொல்லுங்கள். ARN எண் வந்து, பேங்கில் தொகை ஏறிய பிறகு வாபஸ் மனுவில் கையெழுத்துப் போடலாம்.